தலைவரம்மாவின் மெயிலுக்கு ஏழரை மார்க்கு

தமிழ்த்துறை அறையின் சாவி என் இடுப்பில்தான் இருக்கும். இந்தக் கல்லூரி கட்டி முடிக்காமல் பாதியில் நின்றபோதே நான் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். முதல்வர்கள் மாறினார்கள், பாடத்திட்டம் மாறியது, சாவி மாறவில்லை. ஆயா என்று பிள்ளைகள் கூப்பிடுவார்கள். அம்மா என்று ஆசிரியர்கள் கூப்பிடுவார்கள். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, கூப்பிட்டால் நான் திரும்பவும் மாட்டேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், நிறுத்தி நிறுத்தி எழுதுவேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். அவசரம் இருப்பவர்கள் முதலில் தங்கள் வேலையைப் பார்த்துவிட்டு வரலாம்.

எங்கள் துறையில் மூன்று பேர். முதலாமாண்டு பிள்ளைகளை ஏ, பி, சி என்று மூன்று பிரிவாகப் பிரித்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏ பிரிவு பெரிய ஐயாவுக்கு. வயதில் அவர்தான் மூத்தவர், ஆனால் தலைவர் பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டவர். அதில் கையெழுத்து அதிகம், சம்பளம் அதே என்பது அவர் கணக்கு. பி பிரிவு தலைவரம்மாவுக்கு. ஐயா வேண்டாம் என்ற பதவி இவர் தலையில் விழுந்து அப்போது சில மாதம்தான் ஆகியிருந்தது. சி பிரிவு சின்ன மேடத்துக்கு. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற பெண். பருவத்துக்குப் பருவம் புதுப்பிக்கிற வேலை அவளுக்கு. பெண் பார்க்க வந்தவர்களிடம், “கல்யாணத்துக்கு அப்புறமும் காலேஜுக்குப் போவேன்” என்று நேராகச் சொல்லி, வந்த வரனையெல்லாம் காபியோடு திருப்பி அனுப்பியவள். அந்த வேலை அவளுக்கு அவ்வளவு முக்கியம்.

எனக்கு முதலில் அவளைப் பிடிக்காது. வந்த புதிதில், நான் டப்பாவில் ‘சக்கரை’ என்று எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்து, பையிலிருந்து பேனாவை எடுத்து நடுவில் ஒரு ‘ர்’ போட்டாள். நான் சொல்வது சக்கரை, வாங்குவது சக்கரை, டீயில் போடுவதும் சக்கரை. இவள் யார் ‘ர்’ போட? கொஞ்ச நாள் அவள் டீயில் மட்டும் அது குறைவாகவே விழுந்தது. கேட்கவும் இல்லை, குடித்துவிட்டுப் போனாள். அதனால் பிடித்துப்போயிற்று.

டீ என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அறையில் பீங்கான் கோப்பைதான். கம்பெனியில் தள்ளுபடியாகிற கோப்பை, அங்கங்கே கறுப்புப் புள்ளி இருக்கும், ஒன்றிரண்டு வாய் கோணியிருக்கும். இருந்தாலும் பீங்கானுக்குப் பேர் போன விருத்தாசலத்தில் இருந்துகொண்டு பேப்பர் கப்பில் டீ கொடுக்கிறவள் நான் இல்லை.

அந்தக் கோப்பைகளோடு ஒருநாள் தாளாளர் அறைக்குப் போனேன். கல்லூரியின் சொந்தக்காரர் அவர்தான். எதிரில் தலைவரம்மா நின்றுகொண்டிருந்தார். மேசையில் முதலாமாண்டு உள்தேர்வின் மார்க்குத் தாள் விரித்திருந்தது. இருபத்தைந்து மார்க்குத் தேர்வு. ஏ பிரிவின் சராசரி இருபத்திரண்டு, பி பிரிவு பதிமூன்று, சி பிரிவு ஒன்பது.

“பாத்தீங்களா? சி பிரிவுல பாதிப் பேரு ஃபெயிலு” என்றார் தாளாளர். “வர்ற வாரம் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். இத ஏத்துனா கம்மாபுரம், சேத்தியாத்தோப்புலேருந்து அப்பங்காரனுங்க வண்டி கட்டிக்கினு வருவானுங்க. அந்தப் பொண்ணுக்குச் சொல்லிக் குடுக்க வரல. அடுத்த பருவத்துக்கு வேற ஆளப் பாருங்க.”

“சொல்லிக் குடுக்குறதுல குறை இல்லைங்க. திருத்துறதுல ஆளுக்கு ஆளு வித்தியாசம்” என்றார் தலைவரம்மா.

“அதெல்லாம் எனக்கு எதுக்கு? ஒன்பதுன்னா ஒன்பது.”

“ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவ நாங்க மூணு பேரும் ஒக்காந்து பாத்துடறோம். அப்புறமா முடிவு பண்ணுங்க.”

அவர் பதில் சொல்லாமல் கோப்பையை எடுத்தார். எடுத்தால் சரி என்று அர்த்தம், எனக்குத் தெரியும். தலைவரம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும், உடனே வெளியே வந்துவிட்டார்.

டீ கொடுக்கும்போது காதில் விழுவதை வெளியே கொட்டுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. பேசாமல் பின்னாலேயே வந்தேன். தலைவரம்மா தன் மேசையில் உட்கார்ந்து போனை எடுத்து ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். ரொம்ப நேரம் தட்டினார். ஒரு வரி தட்டுவார், நாலு வரி அழிப்பார்.

“யாருக்குங்க இவ்ளோ பெரிய லெட்டரு?”

“ஐயாவுக்கும் சின்ன மேடத்துக்கும் மெயிலும்மா. மாடரேஷன் கூட்டம் வெக்கலாம்னு.”

ரேஷன் என்ற சொல் மட்டும் எனக்குத் தெரிந்த சொல்லாகக் காதில் விழுந்தது. “ஓ, ரேஷன்ல குடுக்குற மாதிரி எல்லாப் புள்ளைங்களுக்கும் ஒரே அளவு மார்க்குங்களா?”

தலைவரம்மா சிரித்துவிட்டார். “ஒரே அளவு இல்லம்மா. நல்லா எழுதுனவனுக்கு நெறைய, எழுதாதவனுக்குக் கொறைய. ஆனா மூணு பேரும் ஒரே படியால அளக்கணும். இப்ப ஆளுக்கு ஒரு படி வெச்சிருக்கோம்.”

பெரிய ஐயா மெயில் திறக்க மாட்டார். அதனால் துறைக்கு வருகிற எந்த மெயிலையும் அலுவலகத்தில் அச்செடுத்து வந்து அறையின் பலகையில் குத்துவது என் வேலை. இதையும் குத்தினேன். குத்தும்போது எழுத்துக் கூட்டிப் படித்தேன்:

‘அன்புடையீர், வணக்கம். முதலாமாண்டு அகமதிப்பீட்டு தேர்வில் மூன்று பிரிவுகளின் சராசரி மதிப்பெண்கள் மிகவும் வேறுபடுகின்றன. ஒரே தரமான விடைக்கு பிரிவுக்கொரு மதிப்பெண் கிடைப்பது மாணவர்களுக்கு நியாயமாகாது. எனவே விடைத்தாள்களை திருத்தும் முறையை நாம் ஒருங்கே அமர்ந்து பேசி, எல்லா பிரிவுகளுக்கும் ஒரே அளவுகோலை வகுக்க, வெள்ளிக்கிழமை மாலை துறை அறையில் மாடரேஷன் கூட்டம் நடத்தலாம் எனக் கருதுகிறேன். மதிப்பெண்களைப் பதிவேற்றும் முன் இது முடிய வேண்டும். இந்த கூட்டம் யாரையும் குறை கூற அல்ல. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.’

நல்ல மரியாதையான மெயில் என்றுதான் எனக்குப் பட்டது.

பெரிய ஐயா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்தார். அதில் அவருக்கு ஒரே ஒரு சொல்தான் கண்ணில் பட்டது. “மாடரேஷன்! ஆகா! இந்தக் காலேஜுல இப்பத்தான் ஒரு நல்ல காரியம் நடக்குது” என்றார். அவர் படித்த காலத்தில் பல்கலைக்கழகத்தில் கேள்வித்தாள் கடினமாக வந்துவிட்டால் எல்லோருக்கும் சேர்த்துச் சில மார்க்குகள் தூக்கிப் போடுவார்களாம், அதற்குப் பெயர் மாடரேஷனாம். அப்படி ஒரு மாடரேஷனில் அவரே கணக்கில் கரை ஏறியவராம். அடுத்த வகுப்பிலேயே ஏ பிரிவுப் பிள்ளைகளிடம், “வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் எல்லாருக்கும் மார்க்கு ஏறும்” என்று சொல்லிவிட்டார்.

மத்தியானத்துக்குள் கேன்டீன் வரை செய்தி போய்விட்டது. சேத்தியாத்தோப்புப் பையன் ஒருத்தன் என்னை வழிமறித்தான்.

“ஆயா, நான் இருபத்தி மூணு வாங்கிருக்கேன். அஞ்சு ஏத்துனா இருபத்தெட்டு ஆவுது. இருபத்தஞ்சுக்கு இருபத்தெட்டு போடுவாங்களா?”

“மீதி மூணை எனக்குக் குடுத்துடு. நான் படிக்காம நின்ன கிளாஸுக்கு வெச்சிக்கறேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அறைக்குத் திரும்பினால் சின்ன மேடம் பலகைக்கு முன்னால் நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது, கையில் சிவப்புப் பேனா.

“‘யாரையும் குறை கூற அல்ல’ன்னு எழுதுனா என்னாங்கம்மா அர்த்தம்? என்னையத்தான் குறை சொல்றாங்கன்னு அர்த்தம். மூணு பேருல ஒன்பது போட்டது நான்தானே?”

“அப்படிக்கூட இல்லாம இருக்கலாம் மேடம்.”

“என் திருத்துற மொறை தப்பாம். மொதல்ல இதுல எத்தனை தப்புன்னு பாருங்க.” சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்தாள். அகமதிப்பீட்டு, தேர்வு என்ற இரண்டுக்கும் நடுவில் ‘த்’ இல்லை என்று ஒரு வட்டம். விடைக்கு, பிரிவு நடுவில் ‘ப்’ இல்லை. விடைத்தாள்களை, திருத்தும் நடுவில் ‘த்’ இல்லை. எல்லா, பிரிவு நடுவில் ‘ப்’. இந்த, கூட்டம் நடுவில் ‘க்’. ஐந்து வட்டம். ஒற்றுப்பிழை ஒன்றுக்கு அரை மார்க்குக் குறைப்பது அவள் வழக்கம். கை பழகிவிட்டது போல, மேலே இடப்பக்கம் பத்துக்கு ஏழரை என்று போட்டுக் கோடும் இழுத்துவிட்டாள்.

போட்ட பிறகுதான் இது விடைத்தாள் இல்லை, தலைவரின் மெயில் என்பது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். பேனாவை மூடினாள். அதற்குள் பெரிய ஐயா உள்ளே வந்துவிட்டார்.

“என்னாம்மா இது!” என்று கிட்டே போய்ப் பார்த்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “தலைவருக்கே ஏழரையக் கூட்டிட்டியே! சனி பகவான்கூட முன்கூட்டியே பஞ்சாங்கத்துல சொல்லிட்டுத்தான் வருவாரு.” சிரித்து முடித்துப் பச்சைப் பேனாவை எடுத்து, பக்கத்திலேயே பத்துக்குப் பத்து என்று எழுதினார். “ஒரு பக்கம் நெறைய எழுதிருக்காங்க. வணக்கம் வேற சொல்லிருக்காங்க. இதுக்கு மேல என்னா வேணும்?”

அவர் வகுப்புக்குப் போனதும் என்னால் தாங்க முடியவில்லை. காதில் விழுந்ததைக் கொட்டாதவள்தான் நான், ஆனால் அதற்கும் ஓர் அளவு இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். “தாளாளரு உன்ன வேணாம்னுட்டாரு கண்ணு. வேற ஆளப் பாக்கச் சொன்னாரு. இந்தம்மாதான் கூட்டம் போட்டுட்டு முடிவு பண்ணலாம்னு நிறுத்தி வெச்சிருக்குது. அந்த மெயிலு ஒனக்காகப் போட்டது.”

சின்ன மேடம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து மேசையிழுப்பறையைக் குடைந்து வெள்ளை மைப்புட்டியை எடுத்தாள். அது எழுத்தை மறைக்கப் பூசுவது. ஏழரை மேல் பூசினாள். சிவப்பு ஊறி ரோஸ் நிறத்தில் மேலே வந்தது. இன்னொரு பூச்சுப் பூசினாள். கீழே எழுதியிருந்த ‘அன்புடையீர்’ பாதி போய் ‘டையீர்’ மட்டும் நின்றது.

“பேசாம கிழிச்சிடலாங்களா?” என்றேன்.

“ஐயா பத்து போட்டிருக்காரே. எங்கன்னு கேப்பாரே.”

கதவு திறந்தது. தலைவரம்மா. பலகையையே பார்த்துக்கொண்டு வந்தார். ஐந்து வட்டம், பச்சைப் பத்து, வெள்ளைத் திட்டு, அதற்குள் தெரிகிற ரோஸ் நிற ஏழரை, இந்தப் பக்கம் கையில் புட்டியோடு சின்ன மேடம். அவர் குண்டூசியைப் பிடுங்கி, தாளை மடிக்காமல் ஃபைலில் வைத்துக்கொண்டு, “வெள்ளிக்கிழமை வந்துடும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்றைக்கு அந்தப் பெண் பஸ்ஸுக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளவே இல்லை. எப்போதும் “போயிட்டு வரேங்கம்மா” என்பாள். வருவாளோ மாட்டாளோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை வந்தாள். அதற்கு முன்னால் ஒரு சிக்கல். மூன்று பேரும் ஒரே விடைத்தாளைத் தனித்தனியாகத் திருத்திப் பார்க்க வேண்டும், அதுவும் யார் எழுதியது, எந்தப் பிரிவு, முன்பு என்ன மார்க்கு என்று தெரியாமல் திருத்த வேண்டும் என்பது தலைவரம்மாவின் ஏற்பாடு. ஆனால் கட்டுக்கட்டாக இருந்த தாள்கள் எல்லாவற்றிலும் ஏற்கெனவே சிவப்பும் பச்சையும் ஏறியிருந்தன. நகல் எடுத்தால் மார்க்கும் சேர்ந்து வரும். கடைசியில், கல்யாணத்துக்குப் போய்த் தேர்வைத் தவறவிட்டவர்களுக்கு வைத்த மறுதேர்வுத் தாள்கள் மூன்று, பிரிவுக்கு ஒன்றாக, யாரும் திருத்தாமல் அலமாரியில் கிடந்தன. அதன் முதல் பக்கத்தை மறைத்து நகல் எடுத்துவரச் சொன்னார். விருந்தோம்பல் பற்றிய பத்து மார்க்குக் கட்டுரை அது.

மாலையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். நான் கோப்பைகளைக் கழுவுகிற சாக்கில் ஓரமாக இருந்தேன். ஏற்கெனவே கழுவிய கோப்பைகள்தான்.

தலைவரம்மா ஃபைலைத் திறந்து மெயில் தாளை மேசை நடுவில் வைத்தார். சின்ன மேடம் தலையைக் குனிந்துகொண்டாள்.

“மொதல் விடைத்தாளு இது” என்றார் தலைவரம்மா. “எழுதுனவங்க பேரு தெரிஞ்சி போச்சு, அது ஒண்ணுதான் குறை. சின்ன மேடம் ஏழரை போட்டிருக்காங்க. ஐயா பத்து. நான் எனக்கு அஞ்சு போட்டுக்கறேன்.”

“ஏங்க அஞ்சு?” என்று கேட்டார் ஐயா.

“அஞ்சு போட்டுட்டா யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க ஐயா. யாராவது கேட்டா ஏத்தலாம், எறக்கலாம். நான் பி பிரிவுக்கே அப்படித்தான் போட்டு வெச்சிருக்கேன். நல்லா எழுதுனவனும் பதிமூணு, எழுதாதவனும் பதிமூணு.” சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. “தாளு ஒண்ணு, மார்க்கு மூணு. இதுக்குத்தான் கூட்டம்.”

சின்ன மேடம் மெல்ல நிமிர்ந்தாள். “அம்மா, நான் வேணும்னு...”

“பிழை பிழைதாம்மா. போனு போட்ட எழுத்த நான் பாக்காம அனுப்பிட்டேன். இப்ப அடுத்த தாளு.”

நகல்களை ஆளுக்கொன்று கொடுத்தார். பேசாமல் திருத்தினார்கள். மறைத்து வைத்திருந்த மார்க்கைத் திருப்பிக் காட்டியபோது, அரைப் பக்கத்துக்குச் சற்று மேல் எழுதியிருந்த தாளுக்குச் சின்ன மேடம் மூன்று, தலைவரம்மா ஐந்து, ஐயா நான்கு. ஐயா நான்கா என்று எனக்கே ஆச்சரியம்.

“பக்கமே நெறையல. இவனுக்கு எப்படிப் போடறது?” என்றார் ஐயா.

“எனக்குப் பக்கம் பிரச்சினை இல்லைங்க. வரிக்கு வரி ஒற்று விட்டிருக்கான்” என்றாள் சின்ன மேடம்.

“சரி, நீயே சத்தமா படி. என்னா எழுதிருக்கான்னு கேப்போம்” என்றார் தலைவரம்மா.

அவள் தாளைத் தூக்கிப் பிடித்துப் படித்தாள். “வந்த விருந்தினரைக் கண்டதும் முகம் மலர வேண்டும். வீட்டுக்குக் கூட்டி வந்து, இலையைப் போட்டு...”

“நில்லு, நில்லு.” ஐயா கையைத் தூக்கினார். “விருந்தினரைக் கண்டதும்னா படிச்சே? அந்தப் பய ‘க்’ போட்டிருக்கானா?”

அவள் தாளைப் பார்த்தாள். “போடலைங்க.”

“நீ போட்டுப் படிக்கிற. வீட்டுக்குக் கூட்டி?”

“...போடலைங்க.”

“அதுவும் நீயே போட்டுக்குற. அவன் எழுதுன மாதிரி படிம்மா. அரை மார்க்கு அரை மார்க்கா வெட்டுனவ, படிக்கும்போது மட்டும் கடன் குடுக்குறியே!”

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி தொடங்கினாள். “விருந்தினரை... கண்டதும். வீட்டுக்கு... கூட்டி வந்து. இலையை...” ஒவ்வொரு இடத்திலும் மூச்சை நிறுத்த வேண்டியிருந்தது, ஸ்டேஷனில் ரயில் வருவதைச் சொல்கிற மெஷின் மாதிரி. நாலாவது வரியில் நாக்கு வழுக்கி மறுபடி ‘ப்’ தானாக விழுந்துவிட்டது. தலைவரம்மா சிரித்தார். ஐயா சிரித்தார். அவளும் சிரித்துவிட்டாள்.

“வாயி தானா போட்டுக்குதுங்க ஐயா.”

“அவனுக்கும் வாயி போட்டிருக்கும். கைதான் போடல.”

“அதுக்காகப் பிழை இல்லன்னு சொல்ல முடியுங்களா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் விடமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

“பிழைதான்” என்றார் தலைவரம்மா. “ஆனா அவன் சொன்ன விஷயத்தப் பாரு. வரவேற்குறது, சாப்பாடு போடுறது, போகும்போது வழியனுப்புறது, எதையும் விடல. ஒற்றுக்கு வெட்டி வெட்டி விஷயத்துக்கு ஒண்ணும் மிச்சம் இல்லாம போச்சு.”

அடுத்த தாள் மூன்று பக்கம். கறுப்பு, நீலம், பச்சையில் தலைப்புகள், ஓரத்தில் பூ வேலை. ஐயா ஒன்பது போட்டிருந்தார். சின்ன மேடம் மூன்றரை. தலைவரம்மா வழக்கப்படி ஐந்து. இதைத் தலைவரம்மாவே படித்தார். விருந்தோம்பலின் சிறப்பு என்று ஒரு பத்தி. விருந்தோம்பலின் பெருமை என்று அடுத்தது. மூன்றாவது தலைப்பைப் படித்து இரண்டு வரி போனதும் ஐயா குறுக்கிட்டார்.

“இத இப்பத்தானே படிச்சோம்?”

“இல்லைங்க ஐயா. முன்ன படிச்சது பெருமை. இது மேன்மை.”

“அதேதான் இருக்குது?”

“ஆமாங்க. சிறப்பும் அதேதான்.”

ஐயா தாளை வாங்கி மூன்று பத்தியையும் விரல் வைத்துப் பார்த்தார். “மூணு பக்கம் எழுதிருக்கான்மா” என்றார் கடைசியில். “கை வலிச்சிருக்கும்ல? அதுக்கு ஏதாவது...”

“அதுக்கு டீ வாங்கிக் குடுங்க. மார்க்கு வேணாம்” என்றாள் சின்ன மேடம்.

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் ஒரு கோப்பையைக் கீழே போட்டேன். வாய் கோணலான கோப்பைதான், பரவாயில்லை.

அதற்கப்புறம்தான் வேலை நடந்தது. பத்தில் ஆறு மார்க்கு, சொன்ன கருத்துக்கு. ஒரே கருத்தை எத்தனை தலைப்பில் எழுதினாலும் ஒருமுறைதான். இரண்டு, முறையாகத் தொகுத்து எழுதியதற்கு. இரண்டு, மொழிக்கு. ஒற்றுப்பிழை எத்தனை இருந்தாலும் அந்த இரண்டுக்குள்தான் வெட்டலாம், கருத்தின் மார்க்கைத் தொடக் கூடாது. சின்ன மேடம் இரண்டு போதாது, மூன்று வேண்டும் என்று வாதாடினாள். தமிழ்த் தேர்வு, இலக்கணம் கொஞ்சமாவது வலிக்க வேண்டும் என்றாள். ஐயா ஒன்று போதும் என்றார். இரண்டில் நின்றது. மற்ற கேள்விகளுக்கும் இதே போல வகுத்துக்கொண்டார்கள். பிறகு மூன்றாவது தாளைத் தனித்தனியாகத் திருத்திக் காட்டினார்கள். ஆறு, ஆறரை, ஆறு. ஐயாவுக்கு நம்ப முடியவில்லை. தன் தாளை எட்டிப் பார்த்துவிட்டீர்களா என்று இருவரையும் கேட்டார்.

சனி, ஞாயிறு எல்லாக் கட்டையும் வூட்டுக்கு எடுத்துப்போய் மறுபடி திருத்தினார்கள். திங்களன்று ஒவ்வொருவர் கட்டிலும் சில தாளை உருவி மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள். ஏ பிரிவு பதினாறுக்கு இறங்கியது. சி பிரிவு பதினைந்துக்கு ஏறியது. பி பிரிவின் சராசரி இரண்டுதான் நகர்ந்து அதுவும் பதினைந்தானது, ஆனால் உள்ளே ஒரே பதிமூன்றாகக் கிடந்தது எட்டும் இருபத்திரண்டுமாகப் பிரிந்தது.

பெரிய ஐயாவின் பாடுதான் பாடு. மாடரேஷன் என்றால் ஏறும் என்று சொல்லியிருந்தாரே. அவர் வகுப்புப் பிள்ளைகள் மாடிப்படியில் காத்திருந்தார்கள். அவர் கேன்டீன் வழியாகப் பின்பக்கமாகப் போனார். அங்கேயும் அந்தச் சேத்தியாத்தோப்புப் பையன் நின்றுகொண்டிருந்தான்.

“ஐயா, இருபத்தி மூணு இருந்துச்சு. இப்ப பதினாலு. இதுக்குப் பேரு என்னாங்க?”

“இதுக்குப் பேருதான்பா மாடரேஷன். எனக்கே போன வாரம்தான் தெரிஞ்சுது” என்று சொல்லிவிட்டு, பாதி வடையோடு நடந்துவிட்டார்.

தாளாளரிடம் புதுத் தாளைத் தலைவரம்மா கொண்டு போனபோது டீயோடு நானும் போனேன். அவசியம் இருந்ததா என்று கேட்காதீர்கள். அவர் தாளை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தார்.

“என்னாங்க மூணும் ஒண்ணா இருக்குது? பாத்து எழுதிட்டீங்களா?”

“ஒரே மாதிரி திருத்துனா ஒரே மாதிரிதாங்க வரும். மூணு வகுப்புப் புள்ளைங்களும் ஒரே மாதிரிதான் படிச்சிருக்குதுங்க.”

“அப்ப அந்தப் பொண்ணு ஒழுங்காத்தான் சொல்லிக் குடுக்குதா?”

“பதினாறுக்கும் பதினஞ்சுக்கும் ஒண்ணுதாங்க வித்தியாசம். அதுக்காக ஆளு மாத்துறதுன்னா என் பிரிவுக்கும் மாத்தணும்.”

அவர் ‘ம்’ என்றார். ‘ம்’ என்றால் என்ன அர்த்தம் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியவில்லை. கோப்பையையும் எடுக்கவில்லை.

அதன் பிறகு சின்ன மேடம் பாடம் எடுத்தாள், திருத்தினாள், டீ குடித்தாள், ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு முறை தாளாளர் அறைப் பக்கம் மணி அடித்தாலும் பேனாவை நிறுத்துவாள். பருவம் முடிந்து விடுமுறை விட்டார்கள். வூட்டில் அதற்குள் இன்னொரு வரன் வந்து, வேலை இருக்குதா இல்லையா என்று கேட்டதாகவும், “காலேஜு தொறக்கட்டும்” என்று சொல்லி அனுப்பியதாகவும் பிறகு சொன்னாள்.

கல்லூரி திறந்த அன்று காலையில் தலைவரம்மா புதுக் கால அட்டவணையை என் கையில் கொடுத்து, “குத்திடுங்கம்மா” என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். வேறு எதையோ தேடுகிற மாதிரி கைப்பைக்குள் தலையை விட்டுக்கொண்டார். கேட்க எனக்கு மனமில்லை. நானே படித்துக்கொள்வேன். கட்டம் கட்டமாக, விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் வாசலோடு நின்றது.

“அம்மா, என் பேரு இருக்குதுங்களா?”

“உள்ள வந்து பாருங்க மேடம்.”

“நீங்க பாத்துச் சொல்லுங்க. நான் இங்கியே நிக்கறேன்.”

மெதுவாகப் படிக்கிறவளிடம் இப்படிக் கேட்டால் காத்திருக்கத்தான் வேண்டும். முதல் வரி ஐயா. அவருக்கு இந்த முறை சி பிரிவு. இரண்டாவது வரி தலைவரம்மா. மூன்றாவது வரியில் முதல் எழுத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கடைசி எழுத்து வரை கூட்டிப் படித்துவிட்டுத்தான் திரும்பினேன்.

“இருக்குது. ஏ பிரிவு ஒனக்குத்தான். மொதல் மணி.”

அவள் வாசலிலிருந்து வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று முந்தானையைத் தயாராக எடுத்தேன்.

“தெனமும் மொதல் மணியா?” என்றாள். “எங்க ஊரு பஸ்ஸு அதுக்குள்ள வராதே! இத யாருங்க போட்டது? தலைவரம்மா எங்க?”

தேடிக்கொண்டு சண்டைக்குப் போய்விட்டாள். நான் முந்தானையை விட்டுவிட்டு டீ போடப் போனேன்.